காதுக்குள் ‘ஙொய்’: எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

தீபாவளி முடிந்த மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் வருகிறவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “காதுக்குள்ள ஙொய்னு ஒரே சத்தம், டாக்டர்.” கல்யாண மண்டபத்தில் பாக்ஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இரவு முழுக்க ஆடிவிட்டு வந்தவரும் இதையேதான் சொல்வார். திருவிழாவில் அதிர்வேட்டு போட்ட இடத்தில் நின்றவரும், இசைக் கச்சேரியின் முன்வரிசையில் நின்றவரும் இதைத்தான் சொல்வார்கள். கேட்கிற சத்தம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நடந்திருப்பது ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு அது தூங்கி எழுந்தால் போய்விடும். இன்னொருவருக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதா, பத்து நாள் கழித்துப் பார்ப்பதா என்பதைப் பொறுத்து மீதி வாழ்க்கைக்கான கேட்கும் திறன் மாறக்கூடும்.

இந்த இரண்டு பேரையும் எப்படிப் பிரித்து அறிவது? ‘ஙொய்’ சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து அறிய முடியாது. கூடவே கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செவிப்பறையைத் தாண்டி, மூன்று சின்னஞ்சிறு எலும்புகளைத் தாண்டி உள்ளே போனால், நத்தை ஓடுபோல் சுருண்ட ‘காக்ளியா’ என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 16,000 முடிச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் மிக நுண்ணிய முடிக்கற்றை. ஒலி உள்ளே வரும்போது காக்ளியாவில் இருக்கும் திரவம் அசைகிறது, முடிகள் சாய்கின்றன, அந்தச் சாய்வு மின்குறிப்பாக மாறி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மிதமான சத்தத்தில் இந்த முடிகள் காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல் நிமிர்ந்துவிடும். அளவுக்கு மீறிய சத்தத்தில் சில துவண்டு கிடக்கின்றன, சில ஒடிந்தே போகின்றன. துவண்டவை ஓரிரு நாளில் தேறும். ஒடிந்து இறந்துபோன செல்லுக்குப் பதில் மனிதக் காதில் புதிய செல் முளைப்பதில்லை. கோழி போன்ற பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன என்று 1980-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒரு குறிப்பிட்ட சுருதிக்கான செல்கள் வேலை செய்யாமல் போனால், அந்தச் சுருதியில் மூளைக்கு வரவேண்டிய தகவல் குறைகிறது. வரவு குறைந்ததும் மூளையில் இருக்கும் கேள்விப் பாதை தன் ஒலிபெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டும்போது, வெளியே ஒலியே இல்லாதபோதும் நரம்புகளில் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும் சலசலப்பு நமக்கு ‘ஙொய்’ என்று கேட்கிறது. பட்டாசு, ஸ்பீக்கர், துப்பாக்கி என எதுவானாலும் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்ச சுருதிப் பகுதிதான் முதலில் அடிவாங்குகிறது. அதனால்தான் கேட்கிற இரைச்சலும் சில்வண்டுச் சத்தம்போல் உச்ச சுருதியில் இருக்கிறது. ஆக, காது இரைச்சல் தனியொரு நோய் இல்லை. உள்ளே ஏதோ குறைந்திருக்கிறது என்பதன் அறிகுறி அது. குறைந்தது திரும்பி வருமா என்பதுதான் அடுத்த கேள்வி.

சத்தம் காதைக் கெடுக்கும் வழி இரண்டு. ஒன்று, நீண்ட நேரம் தொடர்ந்து கேட்கும் பெருஞ்சத்தம். தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் ‘நையோஷ்’ நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு இப்படிப் போகிறது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான் கிடைக்கிறது. கச்சேரியின் முன்வரிசையில் 100 டெசிபல் சாதாரணம். மூன்று மணி நேரம் அங்கே நின்றவர் தன் பங்கைப்போல் 12 மடங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இந்த வகையில் முடிச் செல்கள் களைத்து, வீங்கி, வேலைநிறுத்தம் செய்கின்றன. இரண்டு காதிலும் இரைச்சல் கேட்கும், உலகமே பஞ்சு போட்டு மூடியதுபோல் மந்தமாக இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கி, ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

இன்னொன்று, ஒரே ஒரு திடீர் வெடி. இது களைப்பு இல்லை, அடி. காதின் நடுப்பகுதியில் ஒரு சின்னத் தசை இருக்கிறது. பெருஞ்சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போகிற ஒலியைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடியின் அழுத்த அலை உள்ளே போய் வேலையை முடித்திருக்கும். செவிப்பறை கிழியலாம், முடிச் செல்கள் நின்ற இடத்திலிருந்தே பிய்ந்து போகலாம். அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். 1930-களின் கடைசியில், அவர் நடிகராக இருந்த காலத்தில், படப்பிடிப்பு ஒன்றில் வலது காதுக்கு அருகில் ஒரு கைத்துப்பாக்கி சுடப்பட்டது. அந்தக் காதின் கேட்கும் திறன் குறைந்தது. 1983-ல், அதிபர் பதவியில் இருக்கும்போதே, வலது காதில் கேட்புக் கருவி பொருத்திக்கொண்டார்.

பட்டாசு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இந்தியச் சட்டப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் உச்ச அழுத்தம் 145 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. இது கடுமையான வரம்புபோல் தோன்றும். ஆனால் இத்தகைய திடீர் ஒலிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். தூரம் பாதியானால் அதே அளவு கூடும். அப்படியானால் சட்ட வரம்பைத் தொடும் ஒரு வெடியிலிருந்து பெரியவர் ஒருவர் 7 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதே வெடி ஒரு மீட்டர் தூரத்தில் வெடித்தால் காதுக்கு வருவது ஏறத்தாழ 157 டெசிபல்.

ஒரு மீட்டர் தூரத்தில் யார் நிற்கப்போகிறார்கள்? அணையாத திரியை அணைந்துவிட்டதாக நினைத்துக் குனிகிறவர்கள்தான். இப்படி வருகிற ஒருவரை, மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு மாதிரி ஆளாக வைத்து, படிப்படியாகத் தொடர்வோம். வயது 27. அணுகுண்டின் திரி ‘புஸ்’ஸென்று அடங்கிவிட்டது. ஊதுவத்தியோடு மறுபடி குனிந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டியதால் இடது காது வெடியைப் பார்த்தபடி இருந்தது. வெடித்துவிட்டது. தீக்காயம் எதுவும் இல்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவர்கள் பேசியது தூரத்தில் கேட்டது. இடது காதில் ஒரு கூர்மையான விசில் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

“நல்லெண்ணெயச் சூடு பண்ணி ரெண்டு சொட்டு விடு, சரியாப் போயிரும்” என்றார் வீட்டிலிருந்த அத்தை. அன்பில் குறை இல்லை, ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்து. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்க வழி செய்யும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துக்கும் இதே கதைதான். காதுச் சீழுக்குக் கொடுக்கும் சில சொட்டு மருந்துகளில் இருக்கும் ஜென்டமைசின் போன்ற மருந்து, கிழிந்த பறை வழியாக உள்காதை அடைந்தால் முடிச் செல்களையே கொல்லக்கூடியது. காது அடைத்ததுபோல் இருக்கிறதே என்று பட்ஸை விட்டுக் குடைவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ஃபூ’ என்று ஊதிப் பார்ப்பதும் கிழிசலைப் பெரிதாக்கும். காதில் எதையும் விடாமல், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த இரவுக்கான சரியான முதலுதவி.

அவர் அன்றிரவு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. கருவி எதுவும் வேண்டாம். அமைதியான அறையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முதலில் வலது காதருகே, பிறகு இடது காதருகே உரசிப் பார்க்கலாம். அந்தச் சரசரப்பு உச்ச சுருதி ஒலி. ஒரு காதில் தெளிவாகவும் மற்றதில் மங்கலாகவும் கேட்டால் வித்தியாசம் உண்மை. கைபேசியில் ஒருவரை அழைத்து, ஒலியளவை மாற்றாமல் இரு காதிலும் மாறி மாறி வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி.

அதைவிட அதிகம் சொல்லக்கூடியது முனகல் சோதனை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த குரலில் முனக வேண்டும். அந்த அதிர்வு மண்டையோட்டின் வழியே நேரடியாக இரண்டு காக்ளியாவுக்கும் போகிறது. காதில் வெறும் அடைப்போ செவிப்பறைக் கிழிசலோ இருந்தால், முனகல் பாதிக்கப்பட்ட காதுப் பக்கம்தான் அதிகமாகக் கேட்கும். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பார்த்தால் இது புரியும். சத்தம் பொத்திய காதுக்கே போய்விடும். மாறாக, முனகல் நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால், அடிபட்ட காதின் உள்பகுதியோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. இரண்டு காதும் ஒரே அளவு கெட்டிருந்தால் எதையும் காட்டவும் காட்டாது. ஆனால் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்ற எண்ணத்தை மாற்ற இது போதும்.

நம் 27 வயதுக்காரருக்கு முனகல் வலது பக்கம், நல்ல காதுப் பக்கம் கேட்டது. மறுநாள் காலையும் விசில் அப்படியே இருந்தது. மருத்துவமனைக்குப் போனார்.

மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்தார். பறை கிழியவில்லை, சற்றே சிவந்திருந்தது. குறும்பியும் இல்லை. பிறகு 512 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவையைத் தட்டி, அதன் அடிப்பாகத்தை நெற்றியின் நடுவில் வைத்தார்.

“சத்தம் எந்தப் பக்கம் கேக்குது தம்பி?”

“வலது பக்கம், டாக்டர்.”

“அடிபட்டது?”

“இடது.”

முனகல் சோதனையின் முறையான வடிவம்தான் இது. பதில் கேட்டதும் மருத்துவர் அவரை நேராகக் கேட்கும் திறன் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஆடியோகிராம் என்று சொல்லப்படும் இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. சத்தம் புகாத சிறு அறையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைப்பார்கள். ‘பீப்’ என்ற ஒலி 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் வரும். மிக மெல்லியதாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்த வேண்டும். எந்த அளவில் முதன்முதலாகக் கேட்டது என்பதைப் புள்ளிகளாக வரைந்து கோட்டால் இணைப்பார்கள். 25 டெசிபலுக்குள் எல்லாப் புள்ளிகளும் இருந்தால் காது இயல்பாக இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். நம்மவரின் வலது காதுக் கோடு மேலே சமமாக ஓடியது. இடது காதுக் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை 15 டெசிபலில் போய், 2,000-ல் 30-க்கு இறங்கி, 3,000-ல் 50, 4,000-ல் 65, 6,000-ல் 55 எனப் பள்ளத்தில் விழுந்து, 8,000-ல் 35-க்கு ஏறியது. நடுவில் விழுந்த அந்தப் பள்ளம் சத்தம் விட்டுச்சென்ற கைரேகை மாதிரி. பார்த்ததும் மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

பேச்சின் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், இப்படிப்பட்டவர்களால் வீட்டில் நேருக்கு நேர் பேசுவதைக் கேட்க முடிகிறது. “காது நல்லாத்தான் கேக்குது, சத்தம் மட்டும் நிக்கல” என்று அவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள். ஆனால் ச, ஸ, ஃப, த போன்ற ஒலிகளின் கூர்மை உச்ச சுருதியில்தான் இருக்கிறது. கூட்டத்தில் பேச்சு புரியாமல் போவது பிறகுதான் தெரியவரும். பரிசோதனை இல்லாமல் இழப்பை அறிய முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்று அடுத்தடுத்த சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ, மூன்று நாளைக்குள் குறைந்திருந்தால் அதை ‘திடீர் உள்காது கேள்வி இழப்பு’ என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. காரணமே தெரியாமல் ஒரு காது திடீரென்று கேட்காமல் போகிறவர்களுக்கான அளவுகோல் இது. அவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். போதிய பலன் கிடைக்காவிட்டால், இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் அதில் பரிந்துரைக்கப்படுகிறது. வெடிச்சத்தத்தால் வந்த இழப்புக்கும் பல நாடுகளில், குறிப்பாக ராணுவ மருத்துவத்தில், இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வெடியால் வந்த இழப்புக்கு ஸ்டீராய்டு எவ்வளவு உதவுகிறது என்பதற்குக் கண்டிப்பான பெரிய ஆய்வுகள் குறைவு. மருந்தே இல்லாமலும் முதல் சில வாரங்களில் காது ஓரளவு தானாகத் தேறும். எது தானாகத் தேறியது, எது மருந்தால் தேறியது என்று ஒருவரிடம் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பலன் கிடைக்க வாய்ப்புள்ள நாட்கள் முதல் சில நாட்கள்தான், குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொண்டால் பக்கவிளைவும் பெரும்பாலோருக்குச் சமாளிக்கக்கூடியதே. அதனால் மருத்துவர்கள் தாமதிப்பதைவிடத் தொடங்குவதையே தேர்வு செய்கிறார்கள். எடைக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசலோன், நாளைக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஒன்று முதல் இரண்டு வாரம் வரை கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பது வழக்கமான முறை. சர்க்கரை நோய் இருந்தால் ரத்தச் சர்க்கரை எகிறும். வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், காசநோய் இருந்தாலும் கவனம் வேண்டும். கடையில் கேட்டு வாங்கித் தானாகச் சாப்பிடக்கூடாத மாத்திரை இது. இரைச்சலுக்கு என்று எழுதிக் கொடுக்கப்படும் வைட்டமின், ஜின்கோ மாத்திரைகளுக்கு அப்படியொரு பலன் நிரூபிக்கப்படவில்லை. அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு வாரத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

நம்மவருக்கு ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை. 4,000 ஹெர்ட்ஸ் புள்ளி 65-லிருந்து 45-க்கு ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் 35-ல் நின்றது. விசில் சத்தம் இரவில் மட்டும் மெல்லக் கேட்கிறது. முழுக்க மீண்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய அடியில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தால் அது நல்ல முடிவுதான். சிலருக்கு மருந்து கொடுத்தும் கோடு அசையாமல் நின்றுவிடும் என்பதையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பரிசோதனையில் செவிப்பறை கிழிந்திருப்பது தெரிந்தால் கதை வேறு மாதிரி போகும். வலியோடு ரத்தக் கசிவு, மூக்கைச் சிந்தினால் காது வழியே காற்று ‘ஸ்’ஸென்று வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், வெடியால் வந்த கிழிசல்களில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும், நீச்சலடிக்கக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. மூடாதவற்றுக்குத்தான் அறுவைச் சிகிச்சை. ஆனால் பறை கிழிந்தவர்களுக்கும் உள்காது சேர்ந்தே அடிபட்டிருக்கலாம் என்பதால் ஆடியோகிராம் அவர்களுக்கும் தேவை.

இனி, வீட்டில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கான கணக்கு. கச்சேரி, மண்டபம், நீண்ட நேரச் சத்தம் என்றால்: இரண்டு காதிலும் இரைச்சல், சற்று மந்தம், ஆனால் மணிக்கு மணி குறைந்துகொண்டே வருகிறது, வலி இல்லை, தலைசுற்றல் இல்லை என்றால் பொறுத்திருக்கலாம். அமைதியாக இருந்து, அன்றும் மறுநாளும் ஹெட்ஃபோனைத் தொடாமல் காதுக்கு ஓய்வு கொடுத்தால் போதும். 24 மணி நேரத்துக்குப் பிறகும் பேச்சு மந்தமாகக் கேட்டாலோ, இரண்டு நாளாகியும் இரைச்சல் குறையவே இல்லை என்றாலோ மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுத்துவிட வேண்டும்.

வெடி, துப்பாக்கி, டயர் அல்லது சிலிண்டர் வெடித்தல் என்றால் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. ஒரு காதில் கேட்பது குறைந்ததாகத் தோன்றினாலே அன்றோ மறுநாளோ பார்க்க வேண்டும். காதிலிருந்து ரத்தமோ நீரோ வருவது, சுற்றிச்சுழலும் தலைசுற்றல், நடக்கும்போது தள்ளாட்டம், முகம் ஒரு பக்கம் கோணுவது, கடுமையான தலைவலியோடு வாந்தி, நினைவு தடுமாறுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு. தலையிலும் அடிபட்டிருக்கக்கூடும். குழந்தைகள் ‘ஙொய்’ என்று கேட்பதைச் சொல்லத் தெரியாமல் காதைப் பிடித்துக்கொண்டு அழலாம். டிவி சத்தத்தைக் கூட்டலாம், கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். பக்கத்தில் வெடி வெடித்த குழந்தையை, பார்க்க நன்றாக இருந்தாலும், ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பெரிய சத்தம் எதையுமே கேட்காத நிலையில், காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்து இரைச்சலோடு கேட்காமல் போனாலும் இதே அவசரம்தான். “சளி பிடிச்சிருக்கும், குறும்பியா இருக்கும்” என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். முனகல் சோதனை இங்கேயும் உதவும்.

இரைச்சல் இரண்டு நாளில் போய்விட்டது, ஆடியோகிராமும் இயல்பாக இருக்கிறது என்றால் காது பழையபடி ஆகிவிட்டதா? 2009-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷரோன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளில் செய்த ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்ட எலிகளுக்குக் கேட்கும் அளவு சில நாட்களில் முழுக்கத் திரும்பியது. முடிச் செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அந்தச் செல்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில், பாதிக்கப்பட்ட பகுதியில், பாதிவரை நிரந்தரமாகப் போயிருந்தன. மெல்லிய ‘பீப்’ ஒலியைக் கேட்க மிச்ச இணைப்புகளே போதும். அதனால் பரிசோதனையில் குறை தெரியாது. இரைச்சல் நிறைந்த இடத்தில் ஒருவரின் பேச்சைப் பிரித்துக் கேட்கத்தான் நிறைய இணைப்புகள் வேண்டும். மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனாலும், இரைச்சல் போய்விட்டதே என்று அடுத்த வாரமே மறுபடி ஸ்பீக்கர் முன்னால் நிற்பதற்கு முன் யோசிக்க இது போதுமான காரணம்.

இரைச்சல் போகாமலே நின்றுவிட்டவர்களுக்கு அதை அழிக்கும் மாத்திரை இன்றைக்கு இல்லை. ஆனால் அதன் தொல்லையைக் குறைக்க முடியும். முழு அமைதியில்தான் அது பூதாகரமாகத் தெரியும் என்பதால், தூங்கும்போது மின்விசிறிச் சத்தமோ மெல்லிய மழைச் சத்தமோ ஓடவிடுவது உதவும். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் கேட்புக் கருவி போட்டதும், மூளைக்கு வரவு கூடுவதால், இரைச்சல் பின்னுக்குப் போவதும் உண்டு. இரைச்சலைப் பற்றிய பதற்றத்தைக் குறைக்கும் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்ற உளவியல் பயிற்சிதான் இதில் அதிகம் ஆராயப்பட்டு, பலன் தெரிந்த முறை. இரைச்சலின் அளவு குறையாவிட்டாலும், அது தூக்கத்தையும் வேலையையும் கெடுப்பது குறைகிறது.

காதை மூடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பஞ்சு உருண்டை சத்தத்தை மிகக் கொஞ்சமே தடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் சரியாகப் போட்டால் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். சரியாகப் போடுவது என்றால், அதை விரலில் உருட்டி மெல்லிதாக்கி, மறுகையால் காதுமடலைத் தலைக்குப் பின்புறமாக மேல்நோக்கி இழுத்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருப்பது. வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கச்சேரியில் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி நிற்பதும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய்வருவதும் உதவும்.

பண்டிகை நாட்களில் தனியார் கிளினிக்குகள் மூடியிருப்பதுதான் பலரையும் மூன்று நாள் காத்திருக்க வைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு தீபாவளியன்றும் திறந்திருக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். போகும்போது நான்கு தகவல்களைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவரின் நேரம் மிச்சமாகும்: சத்தம் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தூரத்தில், எந்தக் காது அந்தப் பக்கம் இருந்தது, முனகினால் எந்தப் பக்கம் கேட்கிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஆடியோகிராம் அறை அன்று பூட்டியிருந்தாலும், இசைக்கவைச் சோதனையை வைத்தே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, ஓரிரு நாளில் பரிசோதனையைச் செய்துகொள்ள மருத்துவரால் முடியும்.